இலை போடுவதற்கு முன் ஐந்து நிமிடம்

வாசலில் வாழைமரமும் மாவிலைத் தோரணமும் கட்டியாயிற்று. பன்னீர்ச் சொம்பும் சந்தனக் கிண்ணமும் மேசைக்கு வந்துவிட்டன. விடியற்காலை ஹோமத்தின் புகை கூடத்தை விட்டு இன்னும் முழுசாகப் போகவில்லை. வந்திருப்பவர்கள் புது நாற்காலிகளையும் மேலே தொங்கும் விளக்குகளையும் பார்த்துப் பாராட்டுகிறார்கள். ஆனால் கவனமெல்லாம் சமையலறைப் பக்கமிருந்து வரும் சாம்பார் வாசனையில்தான் இருக்கிறது. இந்த நேரம் பார்த்து ஓட்டல் முதலாளி மைக்கைக் கையில் வாங்குகிறார்.

அடுத்து வருவது பெரும்பாலும் நமக்குத் தெரிந்ததுதான். “அவர்களே, அவர்களே” என்று முடியாத ஒரு பட்டியல், கடவுளுக்கும் பெற்றோருக்கும் நன்றி, “உங்கள் பேராதரவை என்றும் நாடும்” என்று ஒரு முடிவு. யாரும் கேட்பதில்லை, முதலாளியும் கேட்பார்கள் என்று எதிர்பார்ப்பதில்லை. எனக்கு இது ஒரு நல்ல வாய்ப்பை வீணாக்குவதாகத்தான் படுகிறது. புதுக் கிளையின் விருந்தாளிகளும், அக்கம்பக்கத்தாரும், சரக்கு தருபவர்களும், வேலை பார்ப்பவர்கள் அத்தனை பேரும் ஒரே இடத்தில் ஒன்றாக நிற்கும் நாள் அது ஒன்றுதான். அன்று விருந்தாளிகளிடம் முதலாளி சொல்லும் ஒவ்வொரு வாக்கும், சுவரோரம் சீருடையில் நிற்பவர்களுக்கு வேலை உத்தரவாகவே காதில் விழுகிறது. “ஐந்து நிமிடத்தில் இலைக்கு வந்துவிடும்” என்று அவர் மேடையில் சொல்லிவிட்டால், மறுநாள் தோசைக்கல் முன்னால் நிற்பவர்தான் அதைக் காப்பாற்ற வேண்டும்.

கற்பனையாக ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்தில் அப்பா தொடங்கி மகன் நடத்தும் சைவ ஓட்டல். இரண்டாவது கடை திருச்சி தில்லைநகரில். 80 பேர் உட்காரும் கூடம், 34 பணியாளர்கள், அழைப்பிதழ் வைத்தது 250 பேருக்கு. திறப்பு விழா வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை என்றதுமே பேச்சின் நீளம் பாதி முடிவாகிவிடுகிறது. அன்று ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. விளக்கேற்றி, பேசி, முதல் பந்திக்கு இலை போட்டு, முதல் போணியும் பத்தரைக்குள் நடந்தாக வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். ஒன்பதரைக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினர் பத்துக்கு வந்தால், நசுக்கப்படுவது பேச்சுதான். அதனால் அனுபவசாலிகள் சிறப்பு விருந்தினரை நம்பிப் பேச்சை வைப்பதில்லை. முதலாளி பேசி முடித்துவிடுவார், பிரமுகர் எப்போது வந்தாலும் ரிப்பன் வெட்டிக்கொள்ளலாம்.

இதைவிடக் கறாரான கெடிகாரம் சமையலறைக்குள் இருக்கிறது. 80 இருக்கையில் 250 பேர் என்றால் மூன்று பந்தியும் கொஞ்சமும். பந்திக்கு 35 நிமிடம் வைத்தாலும் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். பேச்சு பத்து நிமிடம் நீண்டால், கடைசிப் பந்திக்காரர் ஏற்கெனவே காத்திருக்கும் நேரத்தோடு அந்தப் பத்தும் சேரும். இட்லி கொஞ்சம் பொறுக்கும், பொங்கலும் மூடி வைத்தால் பொறுக்கும். மெதுவடை பொறுக்காது. எண்ணெயிலிருந்து எடுத்துக் கால் மணி நேரமானால் மொறுமொறுப்பு போய்த் தொய்ந்துவிடும். பேச்சு முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது மாவு எண்ணெயில் விழ வேண்டும், அதற்கு முன்னால் விழக்கூடாது. சமையலறை வாசலில் ஒருவரை நிறுத்தி, முதலாளி ஒரு குறிப்பிட்ட வரியைச் சொன்னதும் உள்ளே கை காட்டச் சொல்வது நல்ல ஏற்பாடு. நம் கடையில் அந்த வரி, பக்கத்துக் கடைக்காரர்களுக்கு அவர் நன்றி சொல்லத் தொடங்கும் வரி.

ஐந்து நிமிடம் என்பது சொல்லும்போது கொஞ்சமாகத் தெரியும். நிதானமாகப் பேசுகிறவருக்கு அது 450 வார்த்தைக்கு மேல் வராது. அதில் 15 பேரை ஊர், பதவி, பட்டத்தோடு “அவர்களே” போட்டால் இரண்டு நிமிடம் போய்விடும். அதோடு யாருடைய பெயர் முதலில் வந்தது, யாருடையது விட்டுப்போனது என்ற மனத்தாங்கலும் மிஞ்சும். பட்டியலை வாசலில் வரவேற்கும்போதே கைகூப்பித் தீர்த்துவிட்டால், மேடையில் கடையின் கதைக்கு உண்மையிலேயே வேண்டியவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள்.

எங்கே நின்று பேசுவது என்பதையும் முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். புதுக் கடையில் தரை டைல்ஸ், சுவர் கண்ணாடி. மைக்கில் பேசினால் சொல்லோடு சொல் மோதி இரைச்சலாகத்தான் கேட்கும். சமையலறையில் புகைபோக்கி விசிறியை நிறுத்த முடியாது, அடுப்பு எரிகிறது. அதனால் கூடத்தை விட்டு வாசல் பந்தலில் நின்று பேசுவது மேல். அடுப்பில் அவசியம் நிற்க வேண்டிய நாலைந்து பேரைத் தவிர மற்ற பணியாளர்கள் முதலாளியின் பக்கவாட்டில், விருந்தாளிகளைப் பார்த்தபடி நிற்க வேண்டும். பல திறப்பு விழாக்களில் அவர்கள் கடைசி வரிசைக்குப் பின்னால் தட்டோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். யாருக்கு வரவேற்போ அவர்கள் முகமே வந்தவர்களுக்குத் தெரிவதில்லை.

இனி அவர் பேசட்டும்.

“எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை காலைல அவங்கவங்க கடையையும் வேலையையும் விட்டுட்டு வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். சாம்பார் கொதிச்சு இறக்கியாச்சு. அது ஆறுறதுக்குள்ள நான் முடிச்சிடறேன்.

கும்பகோணத்துல எங்கப்பா ஆறு பெஞ்சு போட்டு ஆரம்பிச்ச கடை. அப்பா இப்ப இல்ல, அம்மா இதோ உக்காந்திருக்காங்க. அந்தக் கடை இந்த ஊருக்கு வந்து சேர்ந்ததுக்கு நான் மட்டும் காரணம் இல்ல. காரணமானவங்க இதோ என் பக்கத்துல நிக்கிறாங்க. இவர் நம்ம சரக்கு மாஸ்டர். அப்பா காலத்துலேர்ந்து இருக்கார். நான் பள்ளிக்கூடம் போறப்ப எனக்கு டிபன் டப்பா கட்டிக் கொடுத்தவர். இந்த அடுப்படில உப்பு, புளி, காரம் எல்லாம் அண்ணன் வச்சதுதான் சட்டம். நானே போய்ச் சொன்னாலும் மாறாது, சொல்லிப் பார்த்துட்டேன்.

அண்ணனோட சேர்ந்து அங்கேருந்து எட்டுப் பேர் வந்திருக்காங்க. குடும்பத்தைக் கும்பகோணத்துலயே விட்டுட்டு வந்திருக்காங்க. அது எனக்குத் தெரியும், மறக்க மாட்டேன். புதுசா இருபத்தஞ்சு பேர் சேர்ந்திருக்காங்க. அதுல பத்துப் பேர் அசாம்லேர்ந்தும் ஒடிசாலேர்ந்தும் வந்த தம்பிங்க. அவங்க தமிழ் இப்பத்தான் கத்துக்கிறாங்க. கேட்டது ஒண்ணு, வந்தது ஒண்ணுன்னு ஒரு தடவை ஆகலாம். சத்தம் போடாம இன்னொரு தடவை சொல்லுங்க, சிரிச்சிக்கிட்டே மாத்திக் கொடுப்பாங்க.”

ஓட்டலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம். சரக்கு மாஸ்டர் என்றால் சாம்பார், குழம்பு, கூட்டு, பொரியல் போன்றவற்றைப் போடுகிறவர். தோசைக்கு ஒருவர், பரோட்டாவுக்கு ஒருவர், டீக்கு ஒருவர் என்று மாஸ்டர்கள் பலர் இருந்தாலும், கடையின் ருசி என்று நாம் சொல்வது பெரும்பாலும் இவருடைய கையில் இருக்கிறது. இரண்டாவது கிளை திறக்கும் எல்லா முதலாளிக்கும் வரும் முதல் தலைவலியும் இவர்தான். அவரைப் புதுக் கடைக்குக் கூட்டிப் போனால் பழைய கடை வாடிக்கையாளர்கள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். விட்டுவிட்டுப் போனால் புதுக் கடை பெயர்ப்பலகையில் மட்டும்தான் பழைய கடை. நம் முதலாளி அவரைச் சில மாதங்களுக்குத் திருச்சிக்குக் கொண்டுவந்து, கும்பகோணத்தில் அவரிடம் வேலை கற்ற அடுத்த ஆளிடம் கரண்டியைக் கொடுத்திருக்கிறார். மேடையில் அண்ணனைப் பற்றி முதலாளி சொன்ன அந்த நாலு வரியைப் புதிதாகச் சேர்ந்த 25 பேரும் கேட்டார்கள். சமையலறையில் யார் சொல் செல்லும் என்பது அங்கேயே தீர்ந்தது, தனியாகச் சுற்றறிக்கை தேவையில்லை.

நிஜ மேடையில் மாஸ்டரின் பெயரை முழுசாகச் சொல்ல வேண்டும். வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்களில் இரண்டு பேர் பெயரையாவது சரியான உச்சரிப்போடு சொன்னால் நல்லது. முந்தின நாள் அவர்களிடமே கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் போதும். பேச்சு முழுக்கத் தமிழில் ஓடும்போது என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல் கைதட்டிக்கொண்டு நிற்பவர்கள் அவர்கள். மொழி தெரிந்த ஒரு சூப்பர்வைசரைப் பக்கத்தில் நிற்கவைத்து அந்தப் பகுதியை மட்டும் இந்தியில் இரண்டு வரி சொல்லச் சொன்னால், அரை நிமிடத்துக்கு மேல் ஆகாது.

அடுத்த பகுதியில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். “எங்கள் பழைய கடையின் அதே சுவை, அதே தரம்” என்று சொல்லாத கிளைத் திறப்பு இல்லை. அதே மாஸ்டர், அதே மளிகை, அதே அளவு என்று எல்லாம் இருந்தும் சுவை மாறுவது நிஜம். முதல் காரணம் தண்ணீர். சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கூடிய கடினத் தண்ணீரில் துவரம்பருப்பு குழைய நேரம் பிடிக்கும், டிகாக்‌ஷன் மங்கலாக இறங்கும். ஆற்றுத் தண்ணீரில் சமைத்துப் பழகிய கை, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கு வந்ததும் தடுமாறும். அடுத்தது மாவு. புது இடத்தின் வெப்பம், காற்றோட்டம், மாவு வைக்கும் மூலை எல்லாமே புளிப்பை மாற்றும். பழைய கடையில் இரவு பத்துக்கு அரைத்த மாவு எத்தனை மணிக்குப் பொங்கும் என்பது மாஸ்டருக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். இங்கே அதை மறுபடி கண்டுபிடிக்க வேண்டும். புதுக் கிரைண்டர் கல்லில் முதலில் மண் கலந்து வரும், தவிடோ பழைய அரிசியோ போட்டு ஓட்டிக் கழுவாமல் மாவரைத்தால் இட்லியில் பல் நறநறக்கும். புதுத் தோசைக்கல்லோ எண்ணெயும் வெங்காயமும் தேய்த்துப் பழக்கும்வரை மாவைப் பிடித்துக்கொண்டு விடாது.

இதனால்தான் திறப்புக்கு முன்னால் மூன்று நாலு நாள் சமைத்து, உறவினரையும் பணியாளர் குடும்பத்தாரையும் உட்காரவைத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள். சோதனையிலும் எல்லாம் சரியாவதில்லை. சரியாகாததை மேடையில் எப்படிச் சொல்வது? நம் முதலாளி இப்படிச் சொல்கிறார்.

“கும்பகோணம் ருசி இங்க இன்னைக்கே வந்துடுச்சின்னு நான் சொல்ல மாட்டேன். இந்த ஊர்த் தண்ணி வேற, இந்த அடுப்பு புதுசு. சாம்பார் எங்களுக்குத் திருப்தியா வந்திருக்கு. காபி இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு, அதுக்குத்தான் போராடிக்கிட்டிருக்கோம். முதல் ரெண்டு வாரம் கூட்டம் இருந்தா தோசை வர்றதுக்குக் கால் மணி நேரம் ஆகும். அவசரமா போறவங்க இட்லி, பொங்கல் கேளுங்க, உடனே வரும். குறை இருந்தா பரிமாறுற தம்பிகிட்டக் கோபப்படாதீங்க. கல்லாவுல நான் இருக்கேன், இல்லன்னா என் தங்கை இருப்பாங்க. எங்ககிட்டச் சொல்லுங்க. சாப்பிட முடியலன்னா அதுக்குக் காசு வாங்க மாட்டோம்.”

திறப்பு நாளில் குறையைச் சொல்வது அபசகுனம் என்று உறவில் யாராவது முகம் சுளிப்பார்கள். சுளித்துக்கொள்ளட்டும். இந்தப் பத்தியில் உள்ள ஒவ்வொன்றும் கடை நிறைவேற்றக்கூடிய வாக்கு. தோசைக்குக் கால் மணி என்று முன்னாலேயே சொன்னதால் சப்ளையர் திட்டு வாங்க மாட்டார். இட்லியைக் கைகாட்டியதால் நெரிசல் தோசைக்கல்லிலிருந்து இட்லிப் பானைக்கு நகரும். “குறையை என்னிடம் சொல்லுங்கள்” என்ற வரியைக் கேட்ட புதுப் பணியாளர்களுக்கு, முதலாளி நம்மை வாடிக்கையாளர் முன்னால் விட்டுக்கொடுக்க மாட்டார் என்று புரியும். திறந்த முதல் மாதத்திலேயே ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் போவது இந்தத் தொழிலின் தீராத நோய். போகிறவர்கள் பலர் சம்பளம் போதாமல் மட்டும் போவதில்லை, பத்துப் பேர் முன்னால் வாங்கிய ஏச்சுக்காகவும் போகிறார்கள்.

சொல்லக்கூடாத வாக்குகளும் உண்டு. “விலையை ஏற்ற மாட்டோம்” என்பது அதில் முதலாவது. ஓட்டல்கள் வாங்கும் 19 கிலோ சிலிண்டரின் விலை மாதத்துக்கு மாதம் மாறக்கூடியது. தக்காளியும் சின்ன வெங்காயமும் எப்போது என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. “எல்லாம் நெய்யில் செய்தது” என்று பொதுவாக அடித்துவிடுவதும் ஆபத்து. எதில் நெய், எதில் எண்ணெய் என்று பட்டியலில் எழுதிவிடலாம். சுத்தத்தைப் பற்றி மேடையில் நீளமாகப் பேசவே வேண்டியதில்லை. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் சுவரிலும் பில்லிலும் இருக்க வேண்டும் என்பது விதி, அந்த உரிமமும் ஒவ்வொரு கிளைக்கும் தனியாக எடுக்க வேண்டியது. பேச்சைவிட, திறந்து காட்டிய சமையலறை வாசல் அதிகம் நம்பவைக்கும். திறப்பு நாள் சலுகையை மைக்கில் அறிவிப்பதிலும் நிதானம் வேண்டும். கொரோனாக் காலத்தில் தமிழ்நாட்டின் சில ஊர்களில், நம்ப முடியாத மலிவு விலையில் பிரியாணி என்று அறிவித்துக் கூட்டம் தெருவை அடைத்து, போலீஸ் வந்து கடையை மூடியதெல்லாம் நடந்தது.

இனி அக்கம்பக்கம். இந்த வரியில்தான் வடை எண்ணெயில் விழ வேண்டும்.

“பக்கத்து மருந்துக்கடை அண்ணனுக்கும், மேல் மாடியில இருக்கிற அம்மாவுக்கும் நான் கடன்பட்டிருக்கேன். அஞ்சு மாசமா எங்க தூசியையும் டிரில் சத்தத்தையும் பொறுத்துக்கிட்டாங்க. அம்மா சொன்னதுக்கப்புறம் ஜெனரேட்டரைப் பின்பக்கம் மாத்திட்டோம், புகைக்குழாயை மொட்டை மாடிக்கு மேல ஏத்திட்டோம். இன்னும் தொந்தரவு இருந்தா ராத்திரி பத்து மணின்னாலும் கூப்பிடுங்கம்மா. வந்திருக்கிற எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். வண்டியை மருந்துக்கடை வாசல்ல நிறுத்தாதீங்க, பின்னாடி காலி மனை வாடகைக்கு எடுத்திருக்கோம், வாட்ச்மேன் வழி காட்டுவார். இடம் கொடுத்த ஐயாவுக்கும், கடைசி நாள் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வயர் இழுத்த எலக்ட்ரீசியன் தம்பிங்களுக்கும், கும்பகோணத்துலேர்ந்து முதல் நாளே பால் கேனோட வந்து நின்ன பால்காரருக்கும் நன்றி. தம்பிங்களா, நீங்க முதல் பந்தியிலயே உக்காரணும்.”

ஓட்டலை மூடவைக்கும் புகார்கள் சாப்பாட்டைப் பற்றி மட்டும் வருவதில்லை. புகை, கழிவுநீர், வண்டி நிறுத்தம் என்று மாடி வீட்டிலிருந்தும் பக்கத்துக் கடையிலிருந்தும்தான் நிறைய வருகின்றன. மேடையில் நன்றி சொல்லிவிட்டால் புகார் நின்றுவிடாது. ஆனால் ஜெனரேட்டரை நகர்த்தியதை 250 பேர் முன்னால் சொன்ன பிறகு அதை மறுபடி முன்பக்கம் கொண்டுவர முதலாளிக்கு வாய் வராது. கடைசி வரியும் கணக்காகச் சொன்னதுதான். எலக்ட்ரீசியனும் தச்சரும் பெரும்பாலும் கடைசிப் பந்தி வரை ஓரமாக நின்று, பொங்கல் தீர்ந்த பிறகு சாப்பிடுவார்கள். மைக்கில் சொல்லிவிட்டால் உட்காரவைக்கத்தான் வேண்டும்.

“போணியை எங்கம்மா பண்றாங்க. காசு கொடுத்துத்தான் வாங்குவேன்னு பிடிவாதமா இருக்காங்க. முதல் பந்திக்கு எண்பது பேர் உள்ள போகலாம். வயசானவங்களும் குழந்தை வச்சிருக்கிறவங்களும் முதல்ல போங்க. மத்தவங்களுக்கு இங்க பந்தல்லயே காபி வரும், குடிச்சிப் பாத்து எப்படி இருக்குன்னு சொல்லுங்க. வாங்க, சாப்பிடலாம்.”

நாலரை நிமிடத்துக்கு மேல் போயிருக்காது. பேச்சின் முடிவு எங்கே போகவேண்டும், யார் முதலில் என்று வழி சொல்வதாக அமைந்திருப்பதைக் கவனிக்கலாம். “நன்றி, வணக்கம்” என்று முடித்தால் 250 பேரும் ஒரே வாசலை நோக்கி நகர்வார்கள். காபியைப் பந்தலுக்கு அனுப்பியதில் காத்திருப்பவர்களுக்கு வேலை கிடைத்தது, முதலாளிக்கு 170 பேரின் அபிப்பிராயமும் கிடைத்தது.

போணி என்பதை இந்தத் தொழிலில் இன்னும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. முதல் விற்பனையின் காசு யார் கையிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து வியாபாரம் ஓடும் என்ற நம்பிக்கை. விழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு இலவசம் என்றாலும் அந்த ஒரு பில் மட்டும் நிஜமாகப் போடப்படும். அம்மா என்பதால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. பிரமுகர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தால் இன்னொரு பிரமுகருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

விருந்தாளிகள் கேட்காத இன்னொரு பேச்சும் அன்றே நடக்க வேண்டும். கடை மூடியபின், இரவு பத்தே முக்காலுக்கு, மைக் இல்லாமல், எல்லோரும் உட்கார்ந்தபடி. காலை நாலு மணியிலிருந்து நின்றவர்களை மறுபடி நிற்கவைத்துப் பேசினால் எதுவும் ஏறாது. இதில் பாராட்டு இரண்டு வரி போதும். மீதி முழுக்க விஷயம்: சம்பளம் எந்தத் தேதி, வார விடுமுறை யாருக்கு எந்தக் கிழமை, தங்கும் அறையில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரிடம் சொல்வது. பிறகு அன்றைய நாளின் கோளாறுகள். தேங்காய்ச் சட்னி இரண்டாம் பந்தியின் நடுவில் தீர்ந்தது, நாளைக்கு ஆறு தேங்காய் கூட உடைக்க வேண்டும். பார்சல் மேசை வாசலை மறைக்கிறது, காலையில் இடப்பக்கம் நகர்த்த வேண்டும். காபியைப் பற்றிப் பந்தலில் சொன்னவர்களில் பாதிப் பேர் டிகாக்‌ஷன் நீர்த்திருக்கிறது என்றார்கள். டீ மாஸ்டர் தண்ணீரைக் குறைத்துப் பார்க்கலாமா, பொடியைக் கூட்டலாமா என்று கேட்கிறார். நாளைக் காலை இரண்டு ஃபில்டரில் இரண்டு விதமாக இறக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சரக்கு மாஸ்டர் அண்ணன் சொல்ல, கூட்டம் கலைகிறது. நாலு மணிக்கு மறுபடி அடுப்பு பற்றவைக்க வேண்டும்.